மார்கழியில் ஒரு மோதிரமும் முப்பத்து நாலு மாச வட்டியும்

பன்னிரண்டு வருஷமாகப் பழகிய பெண்ணிடம் "என்னைக் கட்டிக்கிடுதியா" என்று கேட்க, எழுதிவைத்து வாசித்தவன் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதாமல் பேசினால் எனக்கு நாலாவது வரியில் ஜெராக்ஸ் ரேட்டு வந்துவிடும். தொழில் அப்படி.

இத்தனை வருஷம் ஏன் கட்டவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாலு வருஷம் இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. என்ன காரணம் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்புறம் அவள் அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் வராமல் போயிற்று. அவள் மூத்தவள், கீழே இரண்டு தங்கைகள். அவர்களைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது கொரோனா. அதிலிருந்து எழுந்தபோது வெள்ளம். போன ஐப்பசியில் ஒருநாள் அவள் அம்மா, "எப்பதான் முடிக்கப் போறீங்க, எனக்கும் வயசாகுதுல்லா" என்று கேட்டார்கள். நாலு வருஷம் என் பெயரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போனவர்கள்! அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதல் எழுத்துப்படியில் "விடிவெள்ளியே" என்று ஆரம்பித்திருந்தேன். வக்கீல் நண்பன் வாசித்துவிட்டு, "ஏல, இது கல்யாணத்துக்கா, இரங்கல் கூட்டத்துக்கா?" என்று கேட்டான். வெள்ளி, நிலா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாங்கள் பட்ட கஷ்டத்தை மட்டும் வருஷவாரியாக எழுதச் சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் அவள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதை அவனும் மறந்துவிட்டான், நானும் மறந்துவிட்டேன்.

இடம் குறுக்குத்துறை. மார்கழி பாதி, சாயங்காலம் ஐந்து மணி. வக்கீலும் அவன் மனைவியும் போட்டோ எடுக்க வந்திருந்தார்கள். படித்துறையில் ஒரு பெரியவர் துண்டுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகட்டும் என்று பத்து நிமிஷம் பார்த்தேன். அவர் துண்டை முடித்துவிட்டு வேட்டியை எடுத்தார். சரி, ஆகட்டும் என்று ஆரம்பித்தேன்.

"2012-ல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உன்னைப் பார்த்தேன். நீ ஹையர், நான் லோயர். இன்றுவரை அந்த வித்தியாசம் மாறவில்லை."

சிரித்தாள். எனக்கும் தெம்பு வந்தது. பக்கத்தைப் புரட்டி, அதே தெம்போடு உரக்க வாசித்தேன்: "கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே வாய்க்கால், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட புஞ்சை நிலம்..."

கடையில் வீணாகிற பேப்பரின் பின்பக்கத்தில் எழுதுவது என் பழக்கம். காற்று பேப்பரைத் திருப்பிவிட்டிருந்தது. யாரோ ஒருத்தருடைய கிரையப் பத்திரத்தைக் கொண்டு நான் கல்யாணம் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு சென்ட் தம்பி?" என்றார்.

திரும்ப விட்ட இடத்தைப் பிடித்தேன். "2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பள்ளிக்கூடம் மூடினால் ஜெராக்ஸ் கடைக்கு மூச்சில்லை. வாடகை அஞ்சு மாசம் நின்றது, மெஷினுக்கு மாசத் தவணை வேறு. ஆகஸ்டில் நீ உன் கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் செயினைக் கழற்றித் தந்தாய். நாற்பதாயிரத்துக்கு வைத்தோம்."

"நாப்பத்தஞ்சு" என்றாள்.

"நாற்பத்தைந்தாயிரத்துக்கு வைத்தோம். மாதம் ரெண்டு வட்டி. தொள்ளாயிரம் ரூபாய். முப்பத்தோரு மாதம்..."

"முப்பத்து நாலு."

இதற்கு மட்டும் நான் விடவில்லை. மாதாமாதம் போய்க் கட்டியவன் நான். அடகுக்கடை அண்ணாச்சி சீட்டின் பின்னால் குறித்துக் கொடுத்ததும் என்னிடம்தான். முப்பத்தோரு தடவை கட்டினேன், 2023 ஜூனில் அசலைக் கொடுத்துச் செயினை மீட்டேன். "ஆகஸ்டிலிருந்து ஜூன் வரைக்கும் விரல்விட்டு எண்ணுங்க" என்றாள். எண்ணினேன். முப்பத்து நாலுதான் வந்தது.

"2021-ல மே, ஜூன், ஜூலை. ரெண்டாவது ஊரடங்கு. அந்த மூணு மாசம் நீங்க கட்டல."

"அதுதான் அண்ணாச்சி தள்ளுபடி பண்ணிட்டாவளே! ஊரடங்குன்னு பெரிய மனசு பண்ணி..."

"ரெண்டு வட்டிக்காரரு மூணு மாசத்தைத் தள்ளுவாராக்கும். நான்தான் கட்டினேன். உங்ககிட்ட சொல்லாண்டாம்னு சொல்லிவச்சிருந்தேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அந்த மூன்று மாதமும் அவள் கடையிலும் பாதிச் சம்பளம். அதிலிருந்து இரண்டாயிரத்து எழுநூறு. மூன்றரை வருஷமாக வாய் திறக்கவில்லை. கண்ணெல்லாம் கலங்கிப்போய் நின்றவனுக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. அந்தப் பெரிய மனசுக்கு நன்றியாக, தீபாவளி தவறாமல் நான் அண்ணாச்சிக்கு அரைக்கிலோ அல்வா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறேன். நாலு தீபாவளி! மனுஷன் ஒரு தடவைகூட, 'எதுக்குப்பா' என்று கேட்கவில்லை. "நெய் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று ஒருமுறை குறை வேறு சொன்னார்.

"அந்த அல்வா கணக்கு எனக்குத் தெரியாதே" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதேனா சிரித்தேனா என்பதற்குப் போட்டோவிலும் தெளிவில்லை.

அடுத்தது வெள்ளம். இந்தப் பக்கத்தை அவள் திருத்தமாட்டாள் என்று நம்பினேன். இரண்டு பேருமே கூட இருந்து பார்த்தது. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே மேலே அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி ஊருக்குள் ஏறிவிட்டது. ஆற்று நடுவில் இருக்கிற குறுக்குத்துறை முருகனுக்கு வெள்ளம் புதிதில்லை. தண்ணீர் வரும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலக்கோயில் ஏது? சந்திப்புப் பக்கம் இருந்த கடையில் இடுப்பளவு நின்றது.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. ரீம் ரீமாக அடுக்கியிருந்த பேப்பரெல்லாம் ஊறிப் பெருத்து, ரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு ரீமை உருவ முடியவில்லை. கடைசியில் ரேக்கைத்தான் பிரித்தோம். டோனர் டப்பா உடைந்து சேற்றோடு கலந்திருந்தது. அது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி, தண்ணீரில் கரையாது. தொட்ட இடமெல்லாம் ஒட்டும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் மோசம், இளகிப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று தெரிவதற்குள் அவளுடைய ஒரு சுடிதார் போயிற்று.

கடையில் வாடிக்கையாளர்கள் விட்டுவிட்டுப் போன ஒரிஜினல்கள் பதினேழு இருந்தன. சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், ஒரு பழைய பத்திரம். நான் மெஷினைப் பார்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் அதைத்தான் முதலில் எடுத்தாள். ஒட்டியிருந்த தாள்களை இழுக்காமல், அப்படியே காய்ந்த துணி மேல் பரப்பி, தானாக விடுகிற ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும் என்று அவர்கள் வீட்டு நடுமுற்றத்துக் கொடியில் நிழலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் துணி காயவில்லை. ஊர்ப்பட்ட ஜனங்களுடைய சாதிதான் காய்ந்துகொண்டிருந்தது. பதினேழில் பதினாறு தப்பியது. ஒன்றில் பேனா மையால் போட்ட கையெழுத்து மட்டும் கரைந்துவிட்டது.

"மெஷினைப் பத்தி எழுதலையா?" என்றாள்.

எழுதியிருந்தேன். "வெள்ளத்தில் மெஷின் போயிற்று" என்று எழுதியிருந்தேன்.

"வெள்ளத்துலயா போச்சு?"

பெரியவரும் வேட்டியைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பொய் சொல்ல முடியவில்லை. மெஷின் வெள்ளத்தில் போகவில்லை. மெக்கானிக் கழற்றி, காயவைத்து, போர்டைச் சுத்தம் பண்ணுகிறவரைக்கும் கரண்டில் மாட்டாதே என்று போனிலேயே சொல்லியிருந்தார். வெளியில் தொட்டால் காய்ந்திருக்கும், பவர் சப்ளைக்குள் ஈரச்சேறு நிற்கும். மூன்றாம் நாள், அவள் இல்லாத நேரம் பார்த்து, ஒருதரம் போட்டுத்தான் பார்ப்போமே என்று சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். அப்புறம் பூண்டு கருகினமாதிரி ஒரு வாடை. வெள்ளம் விட்டுவைத்ததை நான் முடித்துவைத்தேன். அந்த வாடை போவதற்குச் சாம்பிராணி போட்டும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதுவரைக்கும் ஜெராக்ஸ் கடையில் சாம்பிராணி போட்டவன் எவன்?

பேப்பரை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அடுக்குமொழியில் ஒரு வரி இருந்தது, அதை வாசிக்கிற தகுதி எனக்கில்லை என்று பட்டது. "எல்லாத்தையும் நீதான் தூக்கிச் சுமந்திருக்க. எனக்குக் கணக்குகூட ஒழுங்கா தெரியல. என்னைக் கட்டிக்கிடுதியா?" என்று மட்டும் கேட்டேன். ஜோடியாக வாங்கிய மோதிரங்களில் சின்னதை எடுத்து அவள் விரலில் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவிலிருந்து பெரியதை எடுத்து என் கையைப் பிடித்தாள்.

"ஏல நிறுத்து! தங்கச்சி, போட்டுராத!" என்று வக்கீல் படியிறங்கி ஓடிவந்தான்.

விஷயம் இதுதான். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு. அதன்படி ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது மற்றவர்கள் முன்னிலையில், உன்னைக் கணவனாக ஏற்கிறேன், மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். சொல்லாவிட்டால், ஒருவருக்கொருவர் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். தாலி கட்டுவதும் அதில் ஒரு வழி. ஒருத்தர் மட்டும் மோதிரம் போட்டால் ஒன்றுமில்லை. பதிலுக்கு அவளும் போட்டுவிட்டால்?

"நாளைக்கு எவனாவது கேட்டா இது கல்யாணம் இல்லன்னு நான் எப்படிவே வாதாடுவேன்? நண்பர்னு நாங்க ரெண்டு பேர் நிக்கோம். 'மற்றவர்கள்'னு சட்டம் சொல்லுதே, அதுக்கு இந்தப் பெரியவரு இருக்காரு. அப்புறம் தொண்ணூறு நாளைக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும்" என்றான் மூச்சிரைக்க.

"பண்ணிட்டாப் போச்சு" என்றேன் நான்.

அவள் சட்டென்று என் கையை விட்டாள். "மார்கழியிலயா? எங்க அம்மா இப்பதான் வழிக்கு வந்திருக்காவ. மார்கழியில முடிச்சேன்னு தெரிஞ்சா இன்னும் பன்னிரண்டு வருஷம் பேசமாட்டாவ."

பெரிய மோதிரத்தைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்து மூடி, டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தன் விரலில் இருந்ததை மட்டும் கழற்றவில்லை. "தை பிறக்கட்டும். ரசீது எங்க? எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு போட்டான்?" என்றாள். ரசீதை வாங்கி அங்கேயே படித்துறையில் நின்று கூட்டிப் பார்த்தாள்.

பெரியவர் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். வக்கீலிடம் நின்று, "கல்யாணம் ஆச்சா, ஆகலையா தம்பி?" என்று கேட்டார். ஆகவில்லை என்றான். "அப்பம் சரி, சாட்சிக்கு வேணும்னா தையில சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்த வண்டிப்பாதை நிலம் இன்னும் விலைக்கு இருக்கா?" என்றார்.