பத்து சென்ட் குட்டையில் ஒன்பது மாதம் மீன் வளர்த்தேன்

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வயல் மூலையில் பத்து சென்ட் அளவுக்குப் பண்ணைக்குட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் போரிலிருந்து விட்டுக்கொள்ளலாம். கடன் வாங்காமல் மீன் விட்டுப் பார்ப்போம் என்று போன ஆவணியில் ஆரம்பித்தேன்.

முதல் வேலை, தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்து அடியைக் காயவிட்டது. சேற்றுக்குள் நாலைந்து விரால் கிடந்தது. அதை விட்டுவைத்திருந்தால் நான் விடும் குஞ்செல்லாம் அதற்குத்தான் தீனி. அடி வெடித்ததும் 10 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து நாலு கூடை சாணியைக் கரைத்து ஊற்றித் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் தண்ணீர் இளம்பச்சையாக மாறியது. குஞ்சு தின்னும் நுண்ணுயிர் அந்தப் பச்சையில்தான் இருக்கிறது.

300 விரலிகள் வாங்கினேன்: கட்லா 120, ரோகு 90, மிர்கால் 90. கட்லா மேல்தண்ணீரிலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும் என்பதால் தீனிக்குப் போட்டி குறைவு. ஆள்காட்டி விரல் நீளமாவது இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதைவிடச் சின்னது மலிவுதான், ஆனால் பாதி தேறாது. ஆக்ஸிஜன் பையை இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்புறம் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அதுவாக நீந்தி வெளியே போகவிட்டேன்.

தீனி, அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம பங்கு. புண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுவேன். முதலில் வாரி இறைத்துக்கொண்டிருந்தேன். பாதி அடியில் போய் அழுகியது. பிறகு உரச்சாக்கின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, தீனியை நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். மீன் வந்து ஓட்டையைக் கொத்தி உறிஞ்சும்போது கழி ஆடும். மூன்று மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்துத் தீனி மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறைப்பேன். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 150 கிராம் போதுமாக இருந்தது. நாலாம் மாதம் ஒரு கிலோ, கடைசியில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

நான் தப்பு செய்தது கார்த்திகையில். மீன் வேகமாகப் பெருக்கட்டும் என்று இன்னும் மூன்று கூடை சாணி போட்டேன். அடுத்த இரண்டு நாள் வெயிலே இல்லை, வானம் மூடியே இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் குட்டை முழுக்க மீன் வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. கரையில் காலை வைத்தும் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. அதுதான் அடையாளம், நல்ல மீன் ஆள் நிழல் பட்டாலே ஓடிவிடும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்ஸிஜன் விடும், இரவில் அதுவே ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாளில் சேமிப்பு கிடையாது, அதோடு சாணி அழுகுவதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். போரைப் போட்டு, குழாயை உயரத்தில் கட்டித் தண்ணீரைப் பீய்ச்சி விழவைத்தேன். எட்டு மணிக்குள் மீன் அடங்கியது. செத்தது பதினான்கு, எல்லாமே பெருத்தவை.

பக்கத்து வயல் பெரியப்பா, "கையை முட்டி வரைக்கும் தண்ணிக்குள்ள விடுப்பா. உள்ளங்கை தெரிஞ்சா சாணி போடு, அதுக்கு முன்னாடியே மறைஞ்சா போடாதே" என்றார். அன்றைக்கு மணிக்கட்டு முங்கியதுமே என் உள்ளங்கை மறைந்துவிட்டது. அதன்பிறகு கையை விட்டுப் பார்க்காமல் சாணி போட்டதே இல்லை. மூடாப்பான நாளில் தீனியும் கிடையாது.

விற்பனைக்கு முதலில் ஒரு வியாபாரியைக் கேட்டேன். மொத்தமாக இழுத்தால் கிலோ 100 ரூபாய் என்றார். சரி, நாமே விற்போம் என்று மாசியிலிருந்து ஞாயிறுதோறும் வீச்சுவலையில் முக்கால் கிலோவுக்கு மேல் உள்ளதை மட்டும் பிடித்துக் கரையிலேயே உயிரோடு 150 ரூபாய்க்குக் கொடுத்தேன். பெரியதை எடுக்க எடுக்க, பின்தங்கிய மீனுக்கு இடமும் தீனியும் கிடைத்து அதுவும் ஏறியது. சனிக்கிழமை தீனி போடமாட்டேன். குடல் காலியாக இருந்தால் மீன் சீக்கிரம் கெடாது, வெட்டும்போதும் சுத்தமாக இருக்கும்.

வலைக்கு அகப்படாதது மிர்கால்தான். வலை விழுந்ததும் சேற்றில் தலையைப் புதைத்துக்கொள்ளும், வலை மேலாகப் போய்விடும். வைகாசிக் கடைசியில் குட்டையை இறைத்தபோதுதான் எழுபது மிர்கால் ஒரே நாளில் வெளியே வந்தது. அன்றைக்கு வாங்க ஆள் போதவில்லை. பாதியை 100 ரூபாய்க்கே தள்ளினேன்.

எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கையில் வந்தது இருபதாயிரம் ரூபாய். தீனிக்கு ஒன்பதாயிரம், விரலி, வண்டிவாடகை, சுண்ணாம்பு, டீசல் எல்லாமாக மூவாயிரம் போனது. என் உழைப்பை இதில் சேர்க்கவில்லை.

இந்த ஆவணிக்கு மிர்காலை 40 ஆகக் குறைத்து, மிச்சத்துக்கு ரோகு விடப் போகிறேன். அடி இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.