ஒருநாள் சாப்பிடலாம்: சுவோன் நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

கொரிய அறுவடைப் பண்டிகையான சூசொக் லீவு இன்றோடு சரி. சாயங்காலம் சுவோன் ஸ்டேஷனில் பழைய டீம் சீனியர் எதிரே வந்தார், இரண்டு கையிலும் ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த பைகள். "ஒரேன்மனியா!" என்றார். ரொம்ப நாளாச்சே என்பதுதான். வேலை எப்படி, வீட்டில் எப்படி என்று அரை நிமிடம் பேச்சு. ரயில் வந்ததும் ஏறிக்கொண்டே, "ஒன்ஜே பப் ஹன்பொன் மொக்ஜா!" என்றார். எப்பவாவது ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம். நானும் கட்டாயம் கூப்பிடுகிறேன் என்றேன். அவரும் கூப்பிட மாட்டார், நானும் கூப்பிட மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் வருத்தமில்லை.

அக்டோபர் 15, புதன்

மதுரைத் தம்பி ஒருவன் எங்கள் பில்டிங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ராத்திரி ரூமுக்கு வந்து, "அண்ணா, எங்க டீம் சீனியர் சாப்பிடப் போலாம்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு. எப்பண்ணா கூப்பிடுவாரு?" என்று கேட்டான். வேறு நல்ல சட்டைகூட எடுத்து வைத்திருக்கிறான்.

நான் கேட்டேன்: "என்ன கிழமைன்னு சொன்னாரா?"

"இல்லண்ணா."

"அப்ப இல்லடா."

கிழமை வந்தால்தான் அழைப்பு. 'ஒன்ஜே' என்பது 'எப்பவாவது'. 'ஹன்பொன்' இன்னும் வேடிக்கை. கொரிய எழுத்தில் அதை இடைவெளி விட்டு எழுதினால் 'ஒரு தடவை', எண்ணிக்கை. சேர்த்து எழுதினால் 'ஒருநாள், சும்மா ஒருக்கா'. சாப்பிடக் கூப்பிடும் இந்த வாக்கியத்தில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு தடவைதான் சாப்பிடுவோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே. இப்படி உள்ளே ஒன்றும் வைக்காமல் சொல்லும் பேச்சுக்கு அவர்களே 'பின்மல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வெறும் பேச்சு.

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப பொய்யாண்ணா?" பொய்யில்லை. ஊரில் கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்க" என்கிறோம். மறுநாளே பெட்டியோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? நம் உறவு அறுந்துபோகவில்லை, நீ கூப்பிட்டால் நான் முகம் சுளிக்க மாட்டேன். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதுவும் கொஞ்சமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாலு வருஷமாகச் சத்தமில்லாத ஒரு பழைய டீம் பையனிடமிருந்து ககாவோடாக் ஆப்பில் ஒரே வரி: "ஜல் ஜினே?" நல்லா இருக்கியா?

கொரியர்கள் இந்த வரியைப் பார்த்ததும் உஷாராகிவிடுவார்கள். இவ்வளவு நாள் கழித்து ஒருவன் நலம் விசாரித்தால் இன்சூரன்ஸ் விற்கப்போகிறான், அல்லது பணம் கேட்கப்போகிறான், அல்லது கல்யாணம். அக்டோபர் இங்கே கல்யாண சீசன் என்பதால் நான் கல்யாணம் என்று வைத்தேன். அடுத்த மெசேஜிலேயே, "சேர்ந்து சாப்பிடலாம். புதனா, வெள்ளியா, எது வசதி?" என்று வந்தது. கிழமை வந்துவிட்டது! உறுதியாகக் கல்யாணம்தான்.

அக்டோபர் 22, புதன்

மதியம் கேன்டீனில் இதே பேச்சு. யோகோஹாமாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த கொரிய சகா, ஜப்பானிய 'கொந்தோ' இதற்கும் மேலே என்கிறார். அந்தச் சொல்லுக்கு 'இந்த முறை' என்றும் பொருள் உண்டு, 'அடுத்த முறை' என்றும் உண்டு. "கொந்தோ சாப்பிடலாம்" என்றால் நாளைக்கா, அடுத்த ஜென்மத்திலா என்று சொன்னவருக்கே தெரியாது. முன்னால் 'மத்தா' சேர்த்து "மத்தா கொந்தோ" என்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது மெதுவாகச் சொல்லும் 'வேண்டாம்'.

அக்டோபர் 24, வெள்ளி

ஹெங்குங்தோங்கில் சாப்பாடு. பழைய டீமிலிருந்து நான்கு பேர். இதற்கு 'ச்சொங்ச்சொப்ஜங் மொயிம்' என்று பெயர், பத்திரிகை கொடுக்கக் கூடும் கூட்டம். முறை ரொம்பக் கச்சிதம். முதலில் வயிறு நிறையச் சாப்பாடு, பழைய மேனேஜரைப் பற்றிச் சிரிப்பு. தட்டு எடுத்த பிறகுதான் மாப்பிள்ளை பைக்குள் கைவிட்டு, ஒவ்வொருவர் பெயரும் கையால் எழுதிய கவரை இரண்டு கையாலும் நீட்டினான். பில்லும் அவனே கட்டினான். சாப்பாடு போடாமல் போனிலேயே மொபைல் பத்திரிகையை அனுப்பிவிட்டால், "காசுக்கு மட்டும் நான் ஞாபகம் வந்தேனா" என்று பின்னால் பேசுவார்கள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு சந்திக்கிறோம் என்றால் காரணம் பத்திரிகைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தோஷம் மட்டும் நிஜம். காரணமில்லாமல் சந்திப்பதற்கு இந்த ஊரில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை, அதனால் காரணம் வந்தால் விடுவதில்லை என்று தோன்றியது.

நவம்பர் 8, சனி

கல்யாணம். வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேஜை, பெண் வீட்டுக்கு ஒரு மேஜை. நம் மொய் மேஜையேதான், மைக்கில் படிப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை. வெள்ளைக் கவரின் பின்பக்கம் இடது கீழ் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயரை எழுத வேண்டும். கவரைக் கொடுத்தால் சாப்பாட்டு டோக்கன் தருவார்கள்.

எவ்வளவு வைப்பது என்பதில்தான் எல்லோருக்கும் தலைவலி. நம் 101, 501 போல இங்கேயும் ஒற்றைப்படைதான் ராசி. 30,000, 50,000, 70,000 வோன் என்று போகும். 100,000 மட்டும் விதிவிலக்கு. பத்திரிகைச் சாப்பாடும் சாப்பிட்டு, கல்யாணத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டு 50,000 வைத்தால் கூச்சமாக இருக்கும். நம் காசுக்குச் சுமார் 3,000 ரூபாய், மண்டபச் சாப்பாட்டின் விலைக்கே காணாது. வர முடியாதவர்கள் அனுப்புகிற தொகை அது. நான் 100,000 வைத்தேன்.

சடங்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. பிறகு குரூப் போட்டோ, பஃபே. கையில் தட்டோடு வாய் நிறைய ஜப்சே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர் என்னிடம் சொல்கிறார்: "ஒருநாள் சேர்ந்து சாப்பிடணும்!"

நவம்பர் 12, புதன்

தம்பியிடம் போன வாரம் ஒரு வழி சொல்லியிருந்தேன். இங்கே காலேஜில் மார்ச் மாதம் சேரும் புதுப் பிள்ளைகள் சீனியர்களிடம் போய் "பப் சாஜுசேயோ" என்பார்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்க என்று நேராகவே கேட்பது. அதற்கு 'பப்யாக்' என்று சுருக்கப் பெயர்கூட உண்டு, சாப்பாட்டு வாக்கு. சின்னவன் கேட்டால் பெரியவருக்கு மரியாதைக் குறைவில்லை, உள்ளூரப் பெருமைதான். "கூப்பிடுவேன்னு சொன்னீங்களே" என்று நினைவுபடுத்தக் கூடாது, கடனைக் கேட்ட மாதிரி ஆகிவிடும். நீயே ஒரு கிழமையைச் சொல்லிக் கேள் என்றேன்.

"செவ்வாய்க்கிழமை மதியம் வசதிப்படுமா?" என்று அனுப்பியிருக்கிறான். அவருக்கு அன்றைக்கு மீட்டிங். வெறும் பேச்சாக இருந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று முடிந்திருக்கும். அவரோ "புதன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். மாற்று நாள் வந்தால் மனசும் வந்திருக்கிறது.

இன்று மதியம் கோழி சூப் வாங்கிக் கொடுத்தாராம். நல்ல சட்டைதான் போட்டுப் போயிருக்கிறான். பில்லுக்கு அவர் எழுந்ததும், நான் சொல்லிக் கொடுத்தபடி "காபி நான் வாங்குறேன்" என்றிருக்கிறான். அதுதான் இங்கே முறை, ஒருத்தர் சாப்பாடு, மற்றவர் காபி. காபிக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, தன் மகன் கிரிக்கெட் விளையாட்டைப் பற்றிக் கேட்கச் சொன்னான் என்று எல்.பி.டபிள்யூவை விளக்கச் சொல்லியிருக்கிறார்.

"கிளம்பும்போது என்னடா சொன்னாரு?"

"அடுத்த தடவை சாம்கியொப்சால் சாப்பிடலாம்னாருண்ணா."

"கிழமை?"

"டிசம்பர் முதல் வெள்ளி."