புரையேறாத நேரம்

சாப்பிடும்போது ஒரு பருக்கை தவறான பாதையில் இறங்கிவிட்டால் உடனே புரையேறுகிறது, கண்ணில் நீர் வர இருமுகிறோம், பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி, யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மயக்க மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, புரையேறுதல் என்பது தொண்டையில் நிற்கும் காவலாளி விழித்திருக்கிறான் என்பதற்கான அடையாளம். முழு மயக்கம் கொடுக்கும்போது அந்தக் காவலாளியையும் சேர்த்தே நான் அனுப்பி வைக்கிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதன் காரணம் இது ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக ஓர் ஆச்சி வந்திருந்தார். வயது 62, எடை 58 கிலோ, பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். காலை ஒன்பது மணிக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை. வார்டில் செவிலியர் கேட்டபோது, “ஒண்ணும் சாப்பிடலைத்தா, ராத்திரி இடியாப்பத்தோட சரி” என்று சொல்லியிருக்கிறார், குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருந்தது. அறுவை அரங்கின் முன்னறையில் நான் கேள்வியைச் சற்று மாற்றி, “காலையில எழுந்ததுலேருந்து வாயில என்னென்ன பட்டுச்சு ஆச்சி?” என்று கேட்டேன்.

“சர்க்கரை மாத்திரை போட்டேன் தம்பி. அதை வெறும் வயித்துல போட்டா தலை சுத்துமில்ல, அதான் துணைக்கு இருந்தவுக கொண்டு வந்த வெள்ளைப் பணியாரத்துல ரெண்டு, ஒரு காப்பி. ஏழு மணி இருக்கும். அதெல்லாம் சாப்பாடாகுமா?”

அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் சாப்பாடு என்றால் இலை போட்டு உட்காருவது, பணியாரமும் காப்பியும் பலகாரக் கணக்கு. மாத்திரைக்குப் பின் ஏதாவது சாப்பிட வேண்டும் என்பதும் அவருக்கு ஏதோ ஒரு மருத்துவர் சொல்லிக்கொடுத்ததுதான். பிழை எங்கள் கேள்வியில் இருந்தது. அன்று காலை அந்த மாத்திரையே வேண்டாம் என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய பிழை.

வயிற்றுக்கு அதற்கே உரிய கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர், பால் சேராத தேநீர் போன்ற தெளிவான நீர்மங்கள் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். இட்லி போன்ற எளிய உணவுக்கு ஆறு மணி நேரம். எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. பாலைப் பலர் நீர்மம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அது இரைப்பையின் அமிலம் பட்டவுடன் திரிந்து கட்டியாகிவிடுவதால், பால் காப்பியும் உணவுக் கணக்கில், ஆறு மணி நேரத்தில்தான் சேரும். ஆச்சியின் பணியாரத்துக்குப் பிற்பகல் மூன்று மணி ஆகவேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகள் மந்தமாகிவிடுவதுண்டு என்பதால் அந்தக் கணக்கையும் முழுதாக நம்ப முடியாது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஸ்கேன் கருவியை மேல்வயிற்றில் வைத்துப் பார்த்தேன். இரைப்பையின் கீழ்முனை, காலியாக இருந்தால் ஒட்டிய பைபோலத் தெரிய வேண்டியது, உப்பி உருண்டு, உள்ளே கலங்கலாகத் தெரிந்தது. அறுவையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தோம்.

சென்னையிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருந்த மகன் கோபப்பட்டார். “ரெண்டு பணியாரத்துக்காகவா டாக்டர்?” என்றார். அவருக்கு 1946ஆம் ஆண்டின் செய்தி ஒன்றைச் சொன்னேன். கர்டிஸ் மெண்டல்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர், 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் பார்த்து, மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போன 66 பேரைக் கணக்கெடுத்தார். இறந்துபோன இருவரும் திட உணவு மூச்சுக்குழாயை அடைத்ததால் இறந்தவர்கள். மற்றவர்களில் பலரைப் பாடாய்ப் படுத்தியது இரைப்பை அமிலம், அது நுரையீரலின் மெல்லிய சுவரை வெந்துபோகச் செய்துவிடுகிறது. விபத்து அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் எளிதில் திருத்த முடிவதில்லை என்றேன். மகன் சமாதானமாகவில்லை, ஆனால் விடுப்பை நீட்டித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆச்சி மேசையில் இருந்தார். முதலில் முகமூடி வழியாக மூன்று நிமிடம் ஆக்சிஜன், வலி தெரியாமலிருக்க ஃபென்டனில், அதன்பின் 90 மில்லிகிராம் புரொபோஃபால், வயது கருதி மெதுவாக. பாலைப்போலவே வெண்மையான இந்த மருந்து, கை நரம்பிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருள் நம் மூளையிலேயே இருக்கிறது. அது வந்து அமரும் ஏற்பியில் புரொபோஃபாலும் ஒட்டிக்கொண்டு, குளோரைடு அயனிகள் நுழையும் வாயிலை நீண்ட நேரம் திறந்துவைக்கிறது. எதிர்மின்னூட்டம் உள்ளே நிறைய, அந்த அணு எளிதில் துடிக்காது. இது தூக்கம் அல்ல, தூங்குபவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். மயக்கத்தில் ஒலி செவி நரம்பு வழியாக மூளையின் முதல் நிலையம் வரை போகவே செய்கிறது, ஆனால் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அறுந்துவிடுவதால் அந்த ஒலி ‘நான் கேட்டேன்’ என்பதாக மாறுவதில்லை.

இமை மயிரைத் தொட்டேன், அசைவில்லை. அதே கணத்தில் விழுங்குதல், இருமல், குரல்வளை மூடிக்கொள்வது ஆகிய மூன்றும் போய்விடுகின்றன, உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தின் சுருக்குத் தசையும் தளர்கிறது. வயிற்றில் ஏதாவது இருந்து மேலே வந்தால், புரையேறாமலே, சத்தமில்லாமல் கீழிறங்கும். ஆக்சிஜன் அளவு சரிவதும், கருவியில் மூச்சழுத்தம் ஏறுவதும், நெஞ்சில் விசிலடிப்பதும்தான் நமக்குக் கிடைக்கும் தகவல். தசை தளர்த்தும் மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்தி அதன் சிறு பலூனை ஊதிய பிறகே அந்த வழி அடைபடுகிறது. காவலாளி போனதற்கும் பலூன் ஊதியதற்கும் இடையில் இருக்கும் சில நிமிடங்களுக்காகத்தான் அத்தனை மணி நேரப் பட்டினி.

ஒருமுறை செலுத்திய புரொபோஃபால் ஐந்து, பத்து நிமிடங்களில் தெளிந்துவிடும் என்பதால் அதன்பின் செவோஃப்ளூரேன் வாயுவைச் சுவாசத்தில் கலக்கிறோம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தசை தளர்த்தும் மருந்து அசைவை நிறுத்துமே தவிர, உணர்வைத் தொடாது. வாயு தீர்ந்துபோனால் நோயாளி விழித்துக்கொண்டு, விரலைக்கூட அசைக்க முடியாமல் எல்லாவற்றையும் அறிந்தபடி கிடக்க நேரும். அதனால் அசையாத உடலை நம்பாமல், வெளிமூச்சில் எவ்வளவு வாயு இருக்கிறது என்ற எண்ணிக்கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பட்டினியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இரவு பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீரும் கூடாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அறுவை என்றால் அந்த மனிதர் நாக்கு வறண்டு, தலைவலியோடு வந்து படுக்கிறார், மயக்க மருந்து போனதும் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது. ஆச்சியை அன்று காலை ஆறரை மணிவரை தண்ணீர் குடிக்க விட்டிருந்தேன், ஸ்கேனிலும் இரைப்பை ஒட்டிய பையாகவே தெரிந்தது.

ஐம்பது நிமிடங்களில் பித்தப்பை வெளியே வந்தது. வாயுவை நிறுத்தி, தசைத் தளர்ச்சிக்கு மாற்று மருந்து கொடுத்துக் காத்திருந்தோம். ஆச்சி குழாயைக் கடித்துக்கொண்டு பலமாக இருமினார். கண்ணைத் திறந்து, சொன்னபடி கையை இறுக்கிப் பிடித்த பிறகு குழாயை எடுத்தேன்.

சில மணி நேரம் கழித்து வார்டில் பார்த்தபோது மருமகள் அவருக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவசரமாகக் குடித்ததில் புரையேறிவிட்டது. வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு இருமி முடித்துவிட்டு, “யாரோ நினைக்கிறாக தம்பி” என்றார்.