மேடைப் பேச்சில் போலிவாதம் பிடிப்பது எப்படி: நெட் தேர்வுக்குப் படித்தபோது பழகிய முறை

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வின் முதல் தாளில் தர்க்கப் பகுதியில் போலிவாதங்கள் வரும், அதாவது பார்க்கச் சரியான வாதம் போலத் தெரிந்தாலும் காரணம் முடிவைத் தாங்காத பேச்சுகள். பெயர்களையும் விளக்கங்களையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நாலு வரிப் பேச்சைக் கொடுத்து, இதில் இருப்பது எது என்று கேட்டால் அந்த மனப்பாடம் கைகொடுக்காது. காரைக்குடியில் தங்கிப் படித்ததால் எனக்குப் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. திருவிழாப் பட்டிமன்றம், தேர்தல் நேரத்துத் தெருமுனைக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். போனில் பதிவு செய்துகொண்டு, அறைக்கு வந்து நிறுத்தி நிறுத்திக் கேட்பேன்.

அப்படிக் கேட்டவற்றிலிருந்து நானே ஒரு மாதிரிப் பேச்சு எழுதி வைத்திருந்தேன்:

"ஊருணிக் கரையில கடைக வரணும். வேண்டாங்கிறவங்களைக் கேக்குறேன், இந்த ஊரு இப்படியே பொட்டக்காடாக் கிடக்கணுமா? வேண்டாம்னு சொல்றவரு யாரு? மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு, பொங்கலுக்குப் பொங்கல் வந்து வளவுல நின்னு படம் புடிச்சுட்டுப் போறவரு. அவருக்கு நம்ம ஊருத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?"

கைதட்டல் நிச்சயம். நாம் முதலில் செய்ய வேண்டியது, இவர் கடைசியில் நம்மை எதை ஏற்கச் சொல்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதுவது. இங்கே அது 'கரையில் கடை கட்ட வேண்டும்' என்பது. அதற்குக் கீழே, அவர் சொன்ன காரணங்களை மட்டும் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், கடையால் இன்ன நன்மை என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

வேறு வழிகள் இருந்தும் இரண்டே வழிதான் என்று காட்டுவது பொய்யான இருவழி. அது இதில் கேள்வியாக ஒளிந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'ஒன்று இது, அல்லது அது' என்று தெளிவாக இருக்கும். மேடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'கிடக்கணுமா?', 'விட்டுடலாமா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வியை நாம்தான் விரித்து எழுத வேண்டும்: கரையில் கடை, இல்லாவிட்டால் ஊர் பொட்டல். அப்புறம் மூன்றாவது வழி ஒன்றைத் தேட வேண்டும். கடையைச் சந்தைத் தெருவில் கட்டலாமே? நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரே ஒரு மூன்றாவது வழி கிடைத்தாலும் அந்த வாதம் உடைந்தது.

இரண்டு வழி சொன்னாலே போலிவாதம் என்று குறித்துவிடக் கூடாது. 'ஊருணியைத் தூர் வார வேண்டும் அல்லது வார வேண்டாம்' என்பதில் மூன்றாவதுக்கு இடமே இல்லை. அது சரியான பிரிவுதான். பட்டிமன்றத் தலைப்பு 'இதுவா அதுவா' என்று இருப்பதும் ஏற்பாடுதான். தன் அணிக்காகப் பேசுவதாலேயே ஒருவர் தவறு செய்ததாகாது. 'எதிரணி சொன்னது தப்பு, அதனால் எங்கள் பக்கம்தான் சரி' என்று அவர் முடிக்கும்போதுதான் குறிக்க வேண்டும். நடுவரே இரண்டுமில்லை என்றோ, இரண்டும் சேர்த்து என்றோ தீர்ப்புச் சொல்ல வாய்ப்பிருக்கிறது அல்லவா?

சொன்ன வாதத்தை விட்டுவிட்டுச் சொன்ன ஆளைத் தாக்கும் தனிமனிதத் தாக்குதலைப் பிடிப்பது இதைவிடக் கடினம், தேர்வில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மெட்ராஸ்காரர் என்ன சொல்லியிருந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறும். 'கரையில் கட்டடம் வந்தால் வரத்துக்கால் அடைபடும், மழைத்தண்ணீர் ஊருணிக்குள் வராது' என்று அவர் சொல்லியிருந்தால், அது அவரை நம்பி ஏற்க வேண்டிய பேச்சு இல்லை. வரத்துக்கால் எங்கே ஓடுகிறது என்று யாரும் நடந்து போய்ப் பார்க்கலாம். அவர் எந்த ஊரில் குடியிருந்தால் என்ன? அங்கே ஆளைத் தாக்குவது போலிவாதம்தான். ஆனால் 'போன ஐப்பசி மழையில் கரை வழிந்ததை நானே பார்த்தேன்' என்று அவர் சொல்லியிருந்தால், அது சாட்சியம். அந்த மாதம் ஊரிலேயே இல்லாதவர் என்று காட்டுவது நியாயமான மறுப்பு. பேச்சாளரின் மைத்துனர் கடை கட்டும் ஒப்பந்தக்காரராக இருந்தாலும் இதே அளவுகோல்தான்: பேச்சாளர் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க அது போதுமான காரணம், கணக்கு தப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை.

வெறும் திட்டு வேறு விஷயம். 'இந்த மடையன் சொல்வது தவறு, ஏனென்றால் வரத்துக்கால் மேற்கே இருக்கிறது' என்பதில் மரியாதை இல்லை, ஆனால் காரணம் தனியாக நிற்கிறது. திட்டு வார்த்தையை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாதம் மிஞ்சினால் போலிவாதம் இல்லை, ஒன்றும் மிஞ்சாவிட்டால் தாக்குதல். 'நீங்கள் ஆட்சியில் இருந்தபோது தூர் வாரினீர்களா?' என்று திருப்பிக் கேட்பதும் தனிமனிதத் தாக்குதலின் ஒரு வகைதான். தேர்வில் விடைப்பட்டியலில் அது தனிப் பெயரில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பொதுப்பெயர் போதும்.