கனநீர் குடித்த பின் நான்கு மணி நேரம்

உடல் கொழுப்பைக் கண்டறியப் பயன்படும் டியூட்டீரியம் முறை கொழுப்பை நேராக அளப்பதில்லை. அது அளப்பது உடலில் உள்ள தண்ணீரை மட்டும்தான். அந்தத் தண்ணீரிலிருந்து கொழுப்பற்ற நிறையைக் கணக்கிடுகிறோம். அதை உடல் எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு. கடைசியில் கழித்து வருகிற எண் என்பதால், காலையில் தராசில் நேர்ந்த பிழை, புட்டியில் ஒட்டி நின்ற துளி, எச்சில் எடுக்கும் முன் குடித்த ஒரு மடக்குத் தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து சேரும். முடிவு பொருந்தாமல் போகும்போது பலரும் முதலில் கருவியைச் சந்தேகிக்கிறார்கள். கருவிக்குச் சாம்பிள் போய்ச் சேரும் முன்பே பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

அடிப்படை எளிது. கனநீர் என்பது சாதாரண ஐதரசனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட தண்ணீர். எடை தெரிந்த கனநீரை ஒருவர் குடிக்கிறார். அது சில மணி நேரத்தில் உடல்நீர் முழுவதிலும் ஒரே சீராகக் கலக்கிறது. பிறகு எச்சிலில் அதன் செறிவு எவ்வளவு என்று பார்த்தால், எவ்வளவு தண்ணீரில் அது கலந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 1934-லேயே ஹெவெசியும் ஹோஃபரும் கனநீரைக் கொண்டு மனித உடலின் நீரை ஆராய்ந்தார்கள். இன்று சர்வதேச அணுசக்தி முகமை பரவலாகக் கற்றுக்கொடுப்பது, எச்சிலை அகச்சிவப்புக் கருவியான எஃப்.டி.ஐ.ஆரில் அளக்கும் வழியை. ரத்தம் எடுக்க வேண்டாம். கிராமத்துப் பள்ளியிலும் சாம்பிள் எடுக்கலாம்.

பங்கேற்பவர்களிடம் விளக்கும்போது முதலில் எழும் கேள்வி கதிர்வீச்சு பற்றியது. தூத்துக்குடி கனநீர் ஆலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குக் கனநீர் என்றாலே அணு உலைதான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தை அவசரமாகத் தட்டிக்கழிக்கக் கூடாது. டியூட்டீரியம் கதிரியக்கம் இல்லாத ஐதரசன்; நாம் குடிக்கும் தண்ணீரிலேயே பத்து லட்சம் ஐதரசன் அணுக்களில் சுமார் 150 டியூட்டீரியமாக இருக்கின்றன. பெரியவருக்குக் கொடுக்கும் 30 கிராம், உடல்நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. சில வாரங்களில் வழக்கமான நீர்ப்போக்கிலேயே வெளியேறிவிடும். இதைப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதிகக் கவனம் வேண்டியது டோஸ் தயாரிப்பில். பெரியவருக்கு 30 கிராம் கனநீரை, மூடி இறுகப் பொருந்தும் 60 மி.லி. பாலிப்ரோப்பிலீன் புட்டியில், குறைந்தது 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து வைக்க வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டியது 30 என்ற முழு எண்ணை அல்ல. அந்தப் புட்டியில் உண்மையில் உள்ள எடையை. நிறுத்த பின் புட்டிகளைத் தலைகீழாக வைத்துக் கசிவு பார்ப்பது நல்ல வழக்கம். கொடுக்கும் நாளில் மறுபடி நிறுத்துப் பார்த்து, முந்தைய எடையோடு ஒப்பிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நிறுத்தால், ஈரப்பதமான ஊர்களில் புட்டியின் வெளிப்பக்கம் நீர் வியர்த்து எடை கூடிக் காட்டும். அறை வெப்பத்துக்கு வந்த பின் துடைத்துவிட்டு நிறுங்கள். கனநீர் காற்றிலுள்ள ஈரத்தோடு எளிதில் கலக்கும் என்பதால் தாய்ப்புட்டியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கவும் கூடாது.

கொடுக்கும் நாளில் சிறுநீர் கழித்த பின், மெல்லிய உடையில், 0.1 கிலோ வரை துல்லியமாக எடை பார்க்க வேண்டும். டோஸுக்கு முன் ஓர் எச்சில் சாம்பிள் எடுத்துவிட வேண்டும். இது தவறினால் அன்றைய வேலை முழுக்க வீண். வாயில் பஞ்சு உருண்டையை வைத்து, அது நன்றாக நனைந்ததும் சிரிஞ்சில் போட்டு அழுத்தி, மூடியுள்ள குழாயில் பிழிய வேண்டும். குறைந்தது 2 மி.லி. வேண்டும். எச்சில் ஊறாதவர்களை எலுமிச்சையை நினைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஊறிவிடும். எலுமிச்சையைக் கொடுத்துவிடக் கூடாது.

டோஸை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது நல்லது. உதட்டோரம் வழியாது, வாயில் அதிகம் தங்காது. குடித்ததும் அதே புட்டியில் சுமார் 50 மி.லி. குடிதண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அதே ஸ்ட்ராவால் குடிக்கச் சொல்ல வேண்டும். பின் இன்னொரு முறை. இந்த இரண்டாவது கழுவலைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குடித்து முடித்த நேரத்தை நிமிடத்தோடு எழுதி, 3 மணி நேரத்திலும் 4 மணி நேரத்திலும் எச்சில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் முந்தைய அரை மணி நேரத்தில் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. வேர்க்கும் வேலையும் வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 58.4 கிலோ எடையுள்ள ஒரு பெண், புட்டியில் 99.9% தூய்மையுள்ள கனநீர் 30.00 கிராம். ஆகவே உண்மையில் உள்ளே போனது 29,970 மி.கி. எச்சிலின் செறிவு 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 962 மி.கி.; 4 மணி நேரத்தில் 956. இரண்டுக்கும் வேறுபாடு 0.6%தான். சராசரி 959.

```
29970 / 959   = 31.25
31.25 / 1.041 = 30.02
30.02 / 0.732 = 41.01
58.4 - 41.0   = 17.4
```

முதல் வரியில் கிடைப்பது டியூட்டீரியம் பரவிய இடம், கிலோவில். இது உண்மையான உடல்நீரைவிடச் சற்று அதிகம். புரதம் முதலியவற்றிலுள்ள சில ஐதரசன்களோடும் டியூட்டீரியம் இடம் மாற்றிக்கொள்வதால், அது தண்ணீருக்கு வெளியிலும் கொஞ்சம் போய்விடுகிறது. அதைச் சரிசெய்யவே 1.041-ஆல் வகுக்கிறோம். அப்போது உடல்நீர் 30.02 கிலோ. கொழுப்பற்ற நிறையில் 73.2% தண்ணீர் என்று கொண்டால் அந்த நிறை 41.0 கிலோ, கொழுப்பு 17.4 கிலோ, அதாவது 29.8%.

இப்போது அதே பெண்ணுக்கு அரை கிராம் கனநீர் புட்டியிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது 29,470 மி.கி.; எச்சிலில் 943 வரும். கணக்குப் போடுபவருக்கு இழப்பு தெரியாது. 29,970-ஐயே வைத்து வகுப்பார். உடல்நீர் 30.53, கொழுப்பற்ற நிறை 41.7, கொழுப்பு 16.7 கிலோ என்று வரும். ஒரு ஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு திரவம் 0.7 கிலோ கொழுப்பை மறைத்துவிட்டது. இதில் கவலை தருவது என்னவென்றால், 3 மணி, 4 மணி அளவுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும். டோஸ் இழப்பை எந்தத் தரச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. சிந்தியதும் வழிந்ததும் அந்த நேரத்திலேயே படிவத்தில் பதிவாக வேண்டும். முன்பே நிறுத்து வைத்த டிஷ்யூத் தாளால் துடைத்து, மூடிய பையில் போட்டு மறுபடி நிறுத்தால் இழப்பை ஓரளவு மீட்கலாம். அதுவும் முடியாதபோது அந்தப் பங்கேற்பாளரை இன்னொரு நாள் அழைப்பதே சரி.

இரண்டு நேர அளவுகளை ஒப்பிடுவது வேறு வகைப் பிழைகளுக்கு உதவும். வேறுபாடு 2 சதவீதத்துக்குள் இருந்தால் சராசரி எடுக்கலாம். அதற்கு மேல் போனால் சராசரி எடுப்பது பிழையை மூடி மறைப்பதாகும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காம் மணி அளவு அதிகமென்றால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து டோஸ் மெதுவாக உட்கிரகிக்கப்பட்டிருக்கலாம், அல்லது மூன்றாம் மணி சாம்பிளுக்கு முன் தண்ணீர் குடித்திருக்கலாம். நான்காம் மணி அளவு சட்டென்று குறைந்தால் அதற்கு முன் குடித்த தண்ணீரைச் சந்தேகியுங்கள். உடலில் நீர்க்கோர்வை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் குறைவு உண்மையானதாக இருக்கலாம். வீங்கிய இடங்களுக்குக் கனநீர் மெதுவாகத்தான் போய்ச் சேரும். அவர்களுக்கு 5, 6 மணி நேரச் சாம்பிள்களும் தேவை.

கருவியில் நடப்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கால்சியம் ஃபுளோரைடு சன்னல்கள் கொண்ட மெல்லிய செல்லில் எச்சிலை ஏற்றி, 2500 செ.மீ⁻¹ அருகே தெரியும் டியூட்டீரியம் முகட்டைப் பார்க்கிறோம். டோஸுக்கு முந்தைய எச்சில்தான் பின்புலம். ஒரு கிலோ தண்ணீரில் 1 கிராம் கனநீர் கலந்தது ஸ்டாண்டர்டு. செல்லில் ஒரு குமிழி நின்றாலும் அந்த அளவு பயனற்றது. உறைய வைத்த சாம்பிள் உருகிய பின், மூடியில் வியர்த்து நிற்கும் நீரையும் சேர்த்துக் கலக்கிவிட்டு, மையச்சுழற்சியில் கசடைக் கீழிறக்கி, மேலுள்ள தெளிந்த பகுதியை எடுங்கள். பின்புலம், சாம்பிள், ஸ்டாண்டர்டு மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். தண்ணீரின் அகச்சிவப்பு நிறமாலை வெப்பத்தால் நகர்வதால், ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஏற்றிய சாம்பிளின் நிறமாலைக் கோடு வளைந்து வரும். மூடி தளர்ந்த குழாயில் கிடந்த சாம்பிள் அறைக் காற்றின் ஈரத்தோடு பரிமாறிச் செறிவை இழக்கும். அது உடல்நீரைக் கூட்டிக் காட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது உடல்நீர் மட்டும். அதைக் கொழுப்பற்ற நிறையாக மாற்றும் 0.732 என்பது அளவீடு அல்ல, அனுமானம். 1945-இல் பேஸும் ராத்பனும் விலங்குகளின் உடலை ஆராய்ந்து முன்வைத்த எண் அது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. குழந்தைகளின் கொழுப்பற்ற திசுவில் தண்ணீர் அதிகம். 9, 10 வயதுச் சிறுவர்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 0.762. 25 கிலோ எடையும் 15.2 கிலோ உடல்நீரும் கொண்ட சிறுவனுக்கு அதைப் பயன்படுத்தினால் கொழுப்பு சுமார் 5.1 கிலோ. மறந்துபோய் 0.732 போட்டால் 4.2 கிலோதான். பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் இப்படி நேர்ந்தால், ஊரே உண்மையைவிட மெலிந்ததாகத் தெரியும். இதற்குக் காரணம் விரிதாளில் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு கட்டம்.

வீக்கம் உள்ளவரிடத்தில் பிழை இன்னும் ஆழமானது. இரண்டு கிலோ நீர் கோர்த்திருந்தால், டியூட்டீரியம் அதைச் சரியாகவே கண்டுபிடிக்கும். ஆனால் 0.732-ஆல் வகுக்கும்போது அந்த இரண்டு கிலோ தண்ணீர் 2.7 கிலோ கொழுப்பற்ற நிறையாக மாறிவிடும். எடை கூடியது 2 கிலோதான் என்பதால் கொழுப்பு 0.7 கிலோ குறைந்தது போலத் தெரியும். கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் கால் வீங்கிய குழந்தைகள் ஆகியோருக்கு வழக்கமான எண்ணை வைத்துத் தசை கூடிவிட்டது என்று எழுதுவது நியாயமல்ல. அவர்களுடைய அறிக்கையில் உடல்நீரை கிலோவில் மட்டும் கொடுத்துவிட்டு, வீக்கத்தின் நிலையைப் பக்கத்தில் எழுதி, கொழுப்பற்ற நிறைக்கான கட்டத்தைக் காலியாக விடலாம்.