பகுதி 17 எப்போ வரும்?

மார்ச் 3
எட்டு மாதமாகச் சந்தாதாரர்கள் 4,200 பேரில் நிற்கிறார்கள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் போகிறார்கள். இன்று யூடியூப் ஸ்டுடியோவில் 'சைக்கிள் பழுது பார்ப்போம்' தொடரின் பதினாறு வீடியோக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் பகுதிக்கு 9,000 பார்வை, இரண்டாவதுக்கு 3,100, பதினான்காவதுக்கு 600. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அந்த அறுநூறிலும் புதியவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

மார்ச் 5
தம்ப்னெய்ல்தான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். தங்கை ஒரே பார்வையில் சொன்னாள்: "பகுதி 14-ன்னு போட்டா, முன்னாடி பதிமூணு பார்த்திருக்கணும்னு தோணுதுண்ணா. எனக்குச் செயின் வழுக்குது, அவ்வளவுதான்." கொஞ்சம் கோபம் வந்தது. பதினாறு எண்களையும் ஆசையாக வைத்தவன் நான்.

மார்ச் 9
ஆறு வீடியோக்களில் எண்ணை எடுத்தேன். 'பகுதி 14: செயினும் ஃப்ரீவீலும்' இப்போது 'புதுச் செயின் போட்டும் வழுக்குதா?' வரிசையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பிளேலிஸ்ட் இருக்கிறது.

மார்ச் 17
கிளிக் விகிதம் 2.8 சதவீதத்திலிருந்து 5.1 ஆகிவிட்டது. சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பார்வையாளர் தங்கும் கோட்டைப் பார்த்தால், நாற்பதாவது வினாடிக்குள் பாதிப் பேர் காணோம். வீடியோவை நானே போட்டுப் பார்த்தேன். வணக்கம், இசை, அப்புறம் "போன பகுதியில் பிரேக் பார்த்தோம்". செயின் வழுக்குகிறது என்று வந்தவனுக்குப் பிரேக் கதை எதற்கு? தலைப்பை மாற்றினேனே தவிர உள்ளே அதே பழைய தொடர்தான்.

ஸ்டுடியோ எடிட்டரிலேயே முதல் 50 வினாடியை வெட்டினேன். மறுபடி ஏற்ற வேண்டியதில்லை, லிங்க்கும் பார்வைகளும் கமெண்ட்டுகளும் அப்படியே இருக்கும். ஆனால் மாற்றம் உடனே வராது. ராத்திரி சேமித்தது காலையில்தான் வந்தது.

ஏப்ரல் 2
இனி ஒரு வீடியோவுக்கு ஒரு சைக்கிள், ஒரு கோளாறு. எடுத்த எடுப்பில் பெடலை மிதிக்கிறேன், 'டக்'கென்று வழுக்குகிறது. அடுத்த காட்சியில் ஃப்ரீவீலின் தேய்ந்த பற்கள்: பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்தவை, புதுச் செயின் அதில் உட்காராது. கடைசியில் "மீண்டும் சந்திப்போம்" கிடையாது. கழற்றிய செயினைக் கையில் எடுத்து, "இது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஒரு ஸ்கேலால் அளக்கலாம்" என்கிறேன். அந்தக் கடைசி 15 வினாடியில் எண்ட் ஸ்க்ரீனில் அளக்கும் வீடியோ நிற்கிறது.

ஏப்ரல் 20
சக்கரம் கோர்ப்பது இதில் அடங்கவில்லை. ஸ்போக் மாட்டாமல் கோட்டம் எடுக்க முடியாது, மூன்று துண்டாகப் போட்டதில் மூன்றாவதை யாரும் சீண்டவில்லை. ஒரே நீள வீடியோவாகச் சேர்த்து, அத்தியாயங்கள் போட்டுவிட்டேன்.

மே 11
5,900. வருகிறவர்களில் பாதிக்கு மேல் புதியவர்கள்.

ஆரம்பத்திலிருந்து பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, பகுதி 17 எப்போ வரும்?" அது வந்து ஐந்து வாரம் ஆகிறது. பிளேலிஸ்ட் லிங்க்கைக் கொடுத்தேன்.