காற்றாலைக்கு மில்லின் அளவுகோல்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் நிதிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே புதிய முதலீட்டுக்கான கோப்பு எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தின் வலது மூலையில் பென்சிலால் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும்: 12.6. கம்பெனியின் எடையிட்ட சராசரி மூலதனச் செலவு அது, அதாவது கடனுக்கும் பங்குதாரர் பணத்துக்கும் அவற்றின் அளவுக்கேற்ப ஆண்டுக்கு ஆகும் சராசரிச் செலவு, சதவீதத்தில். திட்டத்தின் வருவாய் வீதம் அந்த எண்ணைத் தாண்டினால் கோப்பு இயக்குநர் கூட்டத்துக்குப் போகும். தாண்டாவிட்டால் இரும்பு அலமாரிக்குப் போகும். இயந்திரம் மாற்றுவது, கிடங்கு கட்டுவது, கடை திறப்பது என்று எதற்கும் அதே கோடுதான்.

அந்த 12.6 எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கணக்கிட்டவளே நான்தான். கம்பெனியில் போட்டிருந்த பணத்தின் சந்தை மதிப்பில் 60 சதவீதம் பங்குதாரர்களுடையது, 40 சதவீதம் வங்கிக் கடன். கடனுக்கு வட்டி 10 சதவீதம். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், 25 சதவீத வரியைக் கழித்தால் உண்மையான செலவு 7.5 சதவீதம்தான். பங்குதாரர் பணத்துக்கு யாரும் வட்டிச் சீட்டு அனுப்புவதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பதை நாமேதான் மதிப்பிட வேண்டும். அரசுப் பத்திரம் ஆபத்தில்லாமல் தரும் 7 சதவீதம் அடித்தளம். பங்குச் சந்தையில் போடுவதற்கு அதற்கு மேல் கேட்கும் கூலி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். சந்தை 10 சதவீதம் அசைந்தால் நூற்பாலைப் பங்குகள் சராசரியாக 15 சதவீதம் அசைந்தன, அதாவது பீட்டா 1.5. ஆகவே 7 உடன் 9 சேர்த்து 16 சதவீதம். அதில் 60 சதவீதப் பங்கு 9.6. கடனின் பங்கு 3. மொத்தம் 12.6.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. பங்குதாரர் 16 சதவீதம் கேட்டது பஞ்சு விலையையும் நூல் விலையையும் பார்த்து. ஒரு பருவத்தில் பஞ்சை உச்ச விலைக்கு வாங்கி வைத்திருப்போம். அதே பருவத்தில் துணி ஏற்றுமதி சுணங்கி நூல் விலை சரியும். நூற்புக் கதிர்கள் ஓடினாலும் நிறுத்தினாலும் சம்பளமும் வட்டியும் கொடுத்தாக வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சுமப்பதற்கான விலைதான் 16. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மில்லின் ஆபத்துக்கு அது பொருந்தும். வேறு தொழிலில் இறங்கும்போது அதே விலை பொருந்தும் என்று யாரும் எங்களுக்கு உறுதி தரவில்லை.

அந்த ஆண்டு இரண்டு திட்டங்கள் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்தன. ஒன்று, எங்கள் சொந்த மின் தேவைக்காக 24 கோடி ரூபாயில் காற்றாலைகள். மின் கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து பராமரிப்பு, மின்தொடரமைப்புக் கட்டணம், வரி எல்லாம் போக ஆண்டுக்கு 3 கோடி நிற்கும், 20 ஆண்டுகள் ஓடும். அதன் உள்ளக வருவாய் வீதம், அதாவது போட்ட பணம் ஆண்டுக்குச் சம்பாதிக்கும் வீதம், 10.9 சதவீதம். மற்றொன்று, எங்கள் பெயரிலேயே ஆயத்த ஆடை விற்கும் கடைகள். அதன் வீதம் 14.5 சதவீதம். பென்சில் எண் தீர்ப்பு எழுதிவிட்டது. வருங்கால வரவுகளை ஆண்டுக்கு 12.6 சதவீத வீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் காற்றாலை 2.4 கோடி நட்டம். கடைகள் லாபம். காற்றாலை அலமாரிக்குப் போனது.

மாலையில் காற்றாலைத் திட்டத்தைத் தயாரித்த பொறியாளர் வந்து நின்றார். கோபப்படவில்லை. "அம்மா, தேவையே இல்லாத ஒன்றை விற்கும் கடையும் மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய கரண்ட் பில்லும் ஒரே ஆபத்தா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று இரவு அலமாரியிலிருந்த பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாறு ஆண்டுகளில் நிராகரித்தவை பெரும்பாலும் நீராவிக் கொதிகலன் மாற்றம், மின் சேமிப்பு, நீண்டகால ஒப்பந்தத்துடன் கூடிய கிடங்கு போன்ற அமைதியான திட்டங்கள். ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் புதிய சந்தை, புதிய பொருள். ஒரே கோடு இப்படித்தான் வேலை செய்கிறது. ஆபத்து குறைந்த திட்டத்தில் வருவாயும் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே அது கோட்டுக்குக் கீழே விழுகிறது. ஆபத்து கூடிய திட்டம் கூடுதல் வருவாயைக் காட்டி மேலே நிற்கிறது, அது தர வேண்டிய அளவுக்குத் தருகிறதா என்று கேட்க ஆள் இல்லை. இது எங்கள் மில்லின் கோளாறு மட்டுமல்ல. 2001-இல் கிரஹாம், ஹார்வி என்ற இரு பேராசிரியர்கள் 392 நிதித் தலைவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வெளிநாட்டுத் திட்டத்தை மதிப்பிடும்போதுகூட கம்பெனி முழுமைக்கும் உள்ள ஒரே வீதத்தையே பயன்படுத்துவோம் என்று அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

மாற்றுக் கணக்கு பெரிய வித்தையல்ல. அந்தத் தொழிலை மட்டுமே செய்யும் கம்பெனிகள் சந்தையில் எப்படி அசைகின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால் பங்கின் பீட்டாவுக்குள் தொழிலின் ஆபத்தோடு கடனின் ஆபத்தும் கலந்திருக்கிறது. கடன் கூடினால் மிச்சப் பணத்துக்காகக் காத்திருக்கும் பங்குதாரர் மேலும் ஆட்டம் காண்பார். எனவே முதலில் கடனின் பங்கை உரித்தெடுக்க வேண்டும். எங்கள் 1.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடனைப் பங்கு மூலதனத்தால் வகுத்து, வரிக்காக 0.75-ஆல் பெருக்கினால் 0.5. அதோடு 1 கூட்டி, 1.5-ஐ அதனால் வகுத்தால் 1 கிடைக்கிறது. கடனே இல்லாத நூற்பாலையின் ஆபத்து அதுதான்.

மின் உற்பத்திக் கம்பெனிகளுக்கு இதேபோல் உரித்துப் பார்த்தபோது 0.5 வந்தது. அதை எங்கள் கடன் விகிதத்துக்கு மறுபடி ஏற்றினால் 0.75. பங்குதாரர் கேட்க வேண்டியது 11.5 சதவீதம். சராசரி மூலதனச் செலவு 9.9. அதே 24 கோடி, அதே 3 கோடி, அதே 20 ஆண்டுகள். 2.4 கோடி நட்டம் காட்டிய காற்றாலை 1.7 கோடி லாபம் காட்டியது. ஆடைக் கடைகளுக்கு உரித்த பீட்டா 1.4. அந்தத் தொழிலை நம்பி வங்கி அதிகம் கடன் தராது என்பதால் கடனை 20 சதவீதமாகக் குறைத்துக் கணக்கிட்டேன். தாண்ட வேண்டிய கோடு 15.1. கடைகளின் 14.5 அதற்குக் கீழே நின்றது.

என் குறிப்பைப் படித்த நிதி மேலாளர், எதிர்த்திசையில் ஒரு வாதத்தை எடுத்தார். "காற்றாலைக்கென்றே வங்கி ஒன்பதரை சதவீதத்தில் கடன் தருகிறது. வரி போக ஏழு சொச்சம்தான். நீ எதற்கு 9.9-க்குப் போகிறாய்? ஏழிலேயே எழுது" என்றார். எனக்கு சாதகமான வாதம், இருந்தாலும் ஏற்க முடியவில்லை. வங்கி அந்த வட்டியில் கடன் தருவது காற்றாலையைப் பார்த்து மட்டுமல்ல. பின்னால் நிற்கும் மில்லின் நிலத்தையும் பங்குதாரர் போட்ட முதலையும் பார்த்துத் தருகிறது. இன்று அந்த வாய்ப்பைக் காற்றாலைக்குச் செலவழித்தால் நாளைக்கு இன்னொரு திட்டத்துக்கு வங்கி கையை விரிக்கும். அந்தத் திட்டம் முழுக்கப் பங்குதாரர் பணத்தில் நிற்க வேண்டிவரும். முதலில் வந்ததற்கு 7, அடுத்து வந்ததற்கு 16 என்று வரிசையை வைத்து விலை போட முடியாது. திட்டத்தின் கோட்டை முடிவு செய்வது பணம் எங்கிருந்து வருகிறது என்பதல்ல, எங்கே போகிறது என்பது.

இன்னொரு கேள்வியையும் அவர் கேட்டார், அது நியாயமான கேள்வி. "காற்று ஒரு வருடம் ஏமாற்றிவிட்டால்? அதற்காக இரண்டு சதவீதம் கூட்ட வேண்டாமா?" நம் ஊரில் மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குக் காற்றில்தான் பெரும்பகுதி மின்சாரம் கிடைக்கிறது. அந்த ஐந்து மாதம் கெட்டால் ஆண்டே கெட்டுவிடும். ஆனால் காற்று குறைவதற்கும் பங்குச் சந்தை விழுவதற்கும் தொடர்பில்லை. பல இடங்களில் பணம் போட்டிருக்கும் முதலீட்டாளருக்கு அந்த ஏமாற்றம் வேறெங்கோ ஈடாகிவிடும். அதனால் அதற்கு அவர் கூலி கேட்பதில்லை. நல்ல காற்று, மோசமான காற்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த சராசரியாக அந்த 3 கோடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொறியாளரின் முதல் தாளில் 3.2 கோடி இருந்தது, அது நல்ல ஆண்டுகளின் கணக்கு. அங்கேயே குறைத்துவிட்டோம். அதற்குப் பிறகு வீதத்திலும் இரண்டைக் கூட்டினால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை அபராதம் கட்டுவதாகும்.

கடைகள் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுவிட்டன, பிறகு இரண்டை மூடவும் நேர்ந்தது. அதை என் கணக்குக்குச் சாட்சியாக நான் ஒருபோதும் காட்டியதில்லை. 15.1 சரியான கோடாக இருந்தாலும் கடைகள் கொழித்திருக்கலாம். 20 சதவீதம் காட்டும் திட்டமும் மூழ்கலாம். முடிவெடுக்கும் நாளில் சுமக்கும் ஆபத்துக்குப் போதிய விலை கிடைக்கிறதா என்பதைத்தான் கோடு சொல்லும்.

ஆறு மாதம் கழித்துக் காற்றாலைக் கோப்பு மறுபடி கூட்டத்துக்கு வந்தது, விலைப்புள்ளி மாறவில்லை. முதலாளி பீட்டா என்ற சொல்லைக் கேட்டவுடன் கையமர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மணி, மில் நின்றுவிட்டால் இந்தக் காற்றாலை யாருக்காகச் சுற்றும்?"

என் கணக்கில் இருந்த ஓட்டை அது. மின்சாரத்தை நாங்களே பயன்படுத்தினால்தான் தொழிற்சாலைக் கட்டணத்தின் முழு மிச்சமும் கிடைக்கும். மில் நின்றால் வெளியே குறைந்த விலைக்கு விற்க வேண்டும். அதாவது வருமானத்தின் ஒரு பகுதி மின் கம்பெனியைப் போல நிலையானது, மற்றொரு பகுதி எங்கள் நூலின் தலையெழுத்தோடு கட்டப்பட்டது. பொறியாளரோடு உட்கார்ந்து விலை வித்தியாசத்தைப் பார்த்ததில், எழுபதுக்கு முப்பது என்று வந்தது. 0.5-இல் எழுபது பங்கும் நூற்பாலையின் 1-இல் முப்பது பங்கும் சேர்த்தால் 0.65. கோடு 9.9-இலிருந்து 10.7-க்கு ஏறியது. லாபம் 1.7 கோடியிலிருந்து 37 லட்சமாகச் சுருங்கியது.

அடுத்த கூட்டத்தில் அந்த 37 லட்சத்தைத்தான் அவர் முன் வைத்தேன். எழுபது முப்பது எங்கிருந்து வந்தது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மின் கட்டண ரசீதுகளைக் காட்டினோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, மேல் மூலையில் இருந்த 12.6-ஐ அவரே ரப்பரால் அழித்து, பக்கத்தை என்னிடம் திருப்பித் தந்தார்.